வீல் நட்டில் வண்ணக்கோடு: தளர்வைப் பார்த்தவுடன் கண்டறிவதற்கான முழுமையான வழிகாட்டி

லாரி, பேருந்து போன்ற கனரக வாகனங்களின் வீல் நட்டிலிருந்து தொடங்கிச் சக்கரத் தட்டின் மீது முடியும்படி இழுக்கப்படும் ஒரு வண்ணக்கோடு ஒரேயொரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: கோடு போட்ட பிறகு இந்த நட் திரும்பியிருக்கிறதா, இல்லையா? நட் சரியான அளவுக்கு இறுக்கப்பட்டிருந்ததா என்பது அதற்குத் தெரியாது; சக்கரம் இன்னும் முழுப் பிடிப்போடு இருக்கிறதா என்பதும் முழுமையாகத் தெரியாது. இந்த எல்லையைப் புரிந்துகொண்டு கோடு போடுபவருக்கு அது மிகவும் பயனுள்ள அடையாளம். புரிந்துகொள்ளாமல் போடுபவருக்கு, நேராக நிற்கும் கோடே தவறான நம்பிக்கையைக் கொடுத்துவிடும். ஆகவே எப்படிக் கோடு போடுவது என்பதோடு, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது இன்று கனரக வாகனங்களில் பரவலாக உள்ள அமைப்பு: சக்கரத்தின் நடுத்துளை அச்சின் முனையில் சுழலும் ஹப்பின் மீது பொருந்தி அமர, ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரையிட்ட பத்து ஸ்டட்டுகளில் வாஷருடன் இணைந்த தட்டையடி நட்டுகள் இறுக்கப்படும் முறை. மற்ற வகைகளைப் பற்றிப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நட் திரும்புவதற்கு முன்பே நடப்பது

சக்கரத்தை ஸ்டட்டுகள் ஆணிபோலத் தாங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் சற்றே நீள்கிறது. நீண்ட ஸ்டட் மீண்டும் சுருங்க முயல்வதால் சக்கரத் தட்டு ஹப்பின் முகத்தோடு பெரும் விசையுடன் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தால் இரண்டு முகங்களுக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் வண்டியின் எடையையும், பிரேக்கின் இழுவையையும், வளைவில் வரும் பக்கவாட்டு விசையையும் தாங்குகிறது. அழுத்தம் போதுமான அளவு இருக்கும்வரை சக்கரத் தட்டு ஹப்பின் மீது ஒரு மயிரிழைகூட நகராது. நகராத இணைப்பில் நட் தானாகத் திரும்புவதற்குக் காரணமே இல்லை.

அழுத்தம் குறைந்து தட்டு நுண்ணிய அளவில் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். இப்படிப் பக்கவாட்டில் அசையும் இணைப்பில் நட் தானாகவே கழன்றுகொள்ளும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். மரைகளிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வு ஒவ்வொரு வழுக்கலின்போதும் கணநேரம் பலனற்றுப்போக, நட் சிறிது சிறிதாகப் பின்னோக்கிச் சுழல்கிறது. எனவே கோடு விலகியிருப்பதைக் காணும்போது நாம் பார்ப்பது சிக்கலின் தொடக்கத்தை அல்ல. பிடிப்பு முன்பே குறைந்து, தட்டு வழுக்கி, அதன் விளைவாக நட் திரும்பியிருக்கிறது.

இதில் எவ்வளவு நுண்ணிய அளவுகள் சம்பந்தப்பட்டுள்ளன என்பதை ஒரு கணக்கு காட்டும். இத்தகைய சக்கரங்களின் ஸ்டட் பெரும்பாலும் 22 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டது. நட் ஒரு முழுச் சுற்றுத் திரும்பினால் 1.5 மி.மீ. நகரும், 30 பாகை திரும்பினால் 0.125 மி.மீ. மட்டுமே நகரும். முழுமையாக இறுக்கப்பட்ட ஸ்டட்டின் நீட்சியும் ஏறத்தாழ இதே அளவில், அதாவது மில்லிமீட்டரின் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. ஆகவே 30 பாகை பின்வாங்கிய நட், கையால் அசைத்துப் பார்த்தால் இறுக்கமாகவே தோன்றினாலும், தன் பிடிப்பின் பெரும்பகுதியை இழந்திருக்கக்கூடும்.

இதே கணக்கின் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. தட்டுகளுக்கு இடையே தடிமனான பெயிண்ட், துரு, மண் ஆகியவை சிக்கியிருந்து, ஓட்டத்தில் அவை நசுங்கி 0.1 மி.மீ. குறைந்துபோனால், நட் சிறிதும் திரும்பாமலேயே ஸ்டட்டின் நீட்சியில் பெரும்பங்கு போய்விடும். அந்த நேரத்தில் வண்ணக்கோடு நூல் பிடித்ததுபோல நேராகவே நிற்கும். கோட்டை மட்டும் நம்பக்கூடாது என்று சொல்வதற்கும், கோடு போடுவதற்கு முன் முகங்களைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

கோட்டுக்கு முந்திய வேலை

கோட்டின் மதிப்பு அதற்கு முன்னால் நடந்த இறுக்கத்தின் மதிப்பைத் தாண்டாது. சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே ஹப்பின் முகம், பிரேக் டிரம்மின் முகம், சக்கரத் தட்டுகளின் இரு பக்கங்கள், நட்டின் வாஷர் அமரும் வட்டம் ஆகிய அனைத்தையும் வயர் பிரஷ்ஷால் துருவும் மண்ணும் இல்லாமல் தேய்த்துத் துடைக்க வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் இந்த முகங்களின் எண்ணிக்கை கூடுவதால் படிந்து அமுங்கும் வாய்ப்பும் கூடுகிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்த சக்கரமாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று பூச்சு அடித்த தட்டுதான் முதல் நூறு கிலோமீட்டரில் அதிகம் தளரும். பெயிண்ட் முழுமையாகக் காயாமல் மாட்டிவிடக் கூடாது.

ஸ்டட்டின் மரைகளிலும், நட்டின் அறுகோணப் பகுதிக்கும் அதன் வாஷருக்கும் இடையிலும் ஓரிரு சொட்டு என்ஜின் எண்ணெய் விடும்படி சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வேறு சிலர் உலர்வாகவே இறுக்கச் சொல்கிறார்கள். உங்கள் வாகனத்தின் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே செய்ய வேண்டும். எண்ணெய் இருந்தால் அதே முறுக்குவிசையில் ஸ்டட் அதிகம் நீளும் என்பதால் இதில் சொந்த முடிவுக்கு இடமில்லை. வாஷர், சக்கரத் தட்டைத் தொடும் முகத்தில் மட்டும் எண்ணெயோ கிரீஸோ பெயிண்ட்டோ படக் கூடாது.

நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக உள்ளவற்றை மாறி மாறி மிதமாக இறுக்கி, சக்கரம் ஹப்பின் மீது சரியாக அமர்ந்ததை உறுதி செய்தபின், குறித்த முறுக்குவிசையை எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்ச்சால் கடைசி இறுக்கத்தைச் செய்ய வேண்டும். இந்த அளவு ஸ்டட்டுக்குப் பொதுவாக 600 முதல் 680 நியூட்டன் மீட்டர் வரை குறிப்பிடப்படுகிறது. துல்லியமான எண் உங்கள் கையேட்டில் இருக்கும். காற்றில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்ச் நட்டை ஏற்றுவதற்கு உதவும். எவ்வளவு இறுகியது என்பதை அதன் சத்தத்தை வைத்து ஊகிப்பது எந்த அனுபவசாலிக்கும் ஆகாத காரியம். அதிகமாக இறுக்கப்பட்ட ஸ்டட் மீள முடியாத அளவுக்கு நீண்டுபோய்ப் பிடிப்பை இழப்பதும் உண்டு. அப்படிப்பட்ட நட்டில் போடும் கோடு, தவறான இறுக்கத்துக்குச் சாட்சியாக நிற்கிறதே தவிர வேறொன்றுமில்லை.

வண்ணமும் கருவியும்

எண்ணெய் அடிப்படையிலான பெயிண்ட் மார்க்கர் பேனா இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. அதன் முனை 3 அல்லது 4 மி.மீ. அகலம் இருந்தால் போதும். சாதாரண நிரந்தர மை பேனா வெயிலில் வெளிறிவிடும். எனாமல் பெயிண்ட்டைத் தூரிகையால் இட்டால் மரைக்குள் வழிந்துவிடும். இறுக்கத்தை அடையாளமிடுவதற்கென்றே சிறு குழாய்களில் வரும் அரக்கு போன்ற பசையும் நல்லதுதான். காய்ந்தபின் அது நொறுங்கும் தன்மை கொண்டதால் சிறு அசைவிலும் உடைந்து காட்டும். ஆனால் கல்லும் மண்ணும் தெறிக்கும் இடத்தில் அந்தத் தன்மையே சில வாரங்களில் குறையாகிவிடும் என்பதால் லாரிச் சக்கரத்துக்கு நான் பெயிண்ட் மார்க்கரையே தேர்வு செய்வேன்.

கறுப்பு, பச்சை, சிவப்பு போன்ற அடர்நிறச் சக்கரத்துக்கு மஞ்சளோ வெள்ளையோ எடுப்பாகத் தெரியும். வெள்ளைச் சக்கரத்துக்கும் அலுமினியச் சக்கரத்துக்கும் நீலமோ கருஞ்சிவப்போ தேவைப்படும். துருவின் நிறத்தை ஒத்த செம்மஞ்சளைத் தவிர்ப்பது நல்லது. நட்டின் அடியிலிருந்து துரு வழிந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை என்பதால், கோடு அதனோடு கலந்து தெரியக் கூடாது. எப்படியும் இரண்டு வண்ணப் பேனாக்கள் வேண்டும். காரணம் பின்னால் வரும்.

கோட்டை இழுக்கும் முறை

முதலில் கோடு படும் இடங்களை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனரிலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சில நிமிடம் உலர விட வேண்டும். எண்ணெய் விட்டு இறுக்கிய நட்டின் விளிம்பில் மெல்லிய படலம் கசிந்திருக்கும். அதன்மேல் போட்ட கோடு இரண்டாவது முறை சக்கரத்தைக் கழுவும்போதே உரிந்து போய்விடும். வாகனம் ஓடி நின்றவுடன் ஹப் சூடாக இருக்கும் என்பதால், கை வைத்தால் பொறுக்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகே துடைக்கவும் கோடு போடவும் வேண்டும்.

கோடு நான்கு பகுதிகளின் மீது ஒரே நேராகச் செல்ல வேண்டும்: ஸ்டட்டின் நுனி, நட்டின் மேல்முகமும் பக்கமும், வாஷர், சக்கரத் தட்டு. பலர் நட்டிலும் வாஷரிலும் மட்டும் ஒரு தீற்றுத் தீற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வகை நட்டில் வாஷர் நட்டோடு பிணைக்கப்பட்டிருந்தாலும் தனியே சுழலக்கூடியது. பிடிப்பு மிகவும் குறைந்த நிலையில் நட்டும் வாஷரும் சேர்ந்தே தட்டின் மீது திரும்பினால், அந்தத் தீற்று உடையாமல் அப்படியே இருக்கும். நட்டிலும் ஸ்டட்டின் நுனியிலும் மட்டும் போடுவதிலும் இதே போன்ற ஓட்டை உண்டு: ஹப்பில் அழுத்திப் பொருத்தப்பட்ட ஸ்டட்டின் பற்கள் தேய்ந்து ஸ்டட்டே நட்டோடு சேர்ந்து சுழன்றால் கோடு நேராகத்தான் தெரியும். நான்கையும் தொட்டுச் செல்லும் கோட்டில், எந்த இடத்தில் முறிவு தெரிகிறதோ அந்த இடத்தில்தான் அசைவு நடந்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

கோட்டின் திசையை எல்லா நட்டுகளுக்கும் ஒன்றுபோல வைத்துக்கொள்ள வேண்டும். ஹப்பின் மையத்திலிருந்து வெளிப்புறமாக, சூரியக் கதிர்கள் போல எல்லாக் கோடுகளும் விரிவது மிக எளிதாகக் கண்ணில் படும் அமைப்பு. ஒழுங்காக விரியும் பத்துக் கோடுகளில் ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் எண்ணிப் பார்க்கத் தேவையின்றி அது தனித்துத் தெரியும். நட்டின் முனை எங்கே நின்றிருக்கிறதோ அதற்கேற்பக் கோட்டை வளைக்கக் கூடாது. நட்டின் மூலையோ தட்டைப் பக்கமோ எது வெளிப்புறம் இருந்தாலும், மையத்திலிருந்து வெளியே நேராகவே இழுக்க வேண்டும். சக்கரத் தட்டின் மீது கோடு இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் நீளமாவது தொடர வேண்டும். குறுகிய புள்ளியாக இருந்தால் சிறிய விலகலைக் கண் உணராது.

அகலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 33 மி.மீ. ஸ்பேனர் அளவுள்ள நட்டின் மூலை, அதன் மையத்திலிருந்து ஏறத்தாழ 19 மி.மீ. தொலைவில் இருக்கிறது. நட் 10 பாகை திரும்பினால் அந்த மூலை 3.3 மி.மீ. நகரும். ஆகவே 3 மி.மீ. அகலக் கோட்டில் 10 பாகைத் திரும்பல், கோட்டின் முழு அகலத்துக்குச் சமமான விலகலாகத் தெளிவாகத் தெரியும். ஒரு விரல் அகலத்துக்குத் தடித்த கோட்டில் அதே விலகல், ஓரத்தில் சிறிய படியாக மட்டும் தென்பட்டுப் பார்வையிலிருந்து நழுவிவிடும். மிகவும் மெல்லிய கோடோ சேறு படிந்தால் காணாமல் போகும். 3 முதல் 4 மி.மீ. என்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல அளவு.

கோட்டை ஒரே இழுப்பில் வரைய முடியாது, ஏனெனில் நட் தட்டிலிருந்து உயர்ந்து நிற்கிறது. மேல்முகத்தில் முதலில் இழுத்து, பக்கச் சுவரில் நேராகக் கீழே இறக்கி, வாஷரின் சரிவில் தொடர்ந்து, தட்டின் மீது முடிக்க வேண்டும். பெயிண்ட் மிகுந்து வாஷருக்கும் தட்டுக்கும் நடுவிலான இடுக்கில் குளமாகத் தேங்கினால் காய்ந்தபின் அது பாலம்போல ஒட்டிக்கொண்டு, சிறு அசைவில் இழுபட்டுக் கோட்டை மழுங்கச் செய்யும். அந்த இடுக்கில் பேனாவை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் கடக்க வேண்டும். பத்து நிமிடம் உலர விட்டபின் வண்டியை எடுக்கலாம்.

முதல் 100 கி.மீ. வரை

சக்கரம் மாட்டியபின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்ச்சால் சோதிப்பது நன்கு நிலைபெற்ற வழக்கம். உங்கள் கையேடு இதைவிடக் குறைந்த தூரத்தைச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். முகங்களுக்கு இடையே உள்ளவை நசுங்கி அமுங்கும் முன்சொன்ன படிதல் பெரும்பாலும் இந்தத் தொலைவுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அப்படியானால் கோட்டை இந்த மறுஇறுக்கத்துக்குப் பிறகு போட்டால் போதாதா என்ற கேள்வி எழும். என் கருத்தில் இரண்டு முறையும் போட வேண்டும். இங்குதான் இரண்டாவது வண்ணம் பயன்படுகிறது.

முதல் இறுக்கம் முடிந்தவுடன் வெள்ளையில் கோடு போடுங்கள். மறுஇறுக்கத்தின்போது நட்டைப் பின்னோக்கித் தளர்த்தாமல், இறுக்கும் திசையிலேயே ரெஞ்ச்சைச் செலுத்துங்கள். நட் அசையாமலேயே ரெஞ்ச் ‘கிளிக்’ என்றால் அந்த இடத்தில் இழப்பு பெரிதாக இல்லை. நட் சிறிது திரும்பியபின் ‘கிளிக்’ என்றால், வெள்ளைக் கோடு இறுகும் திசையில் எவ்வளவு விலகியதோ அந்த அளவு அங்கே ஏதோ படிந்து அமுங்கியிருக்கிறது. இந்தத் தகவலை ரெஞ்ச் தனியாகத் தராது, கோடுதான் தருகிறது. ஓரிரு நட்டுகள் ஐந்து பத்துப் பாகை நகர்ந்தால் இயல்பாக எடுத்துக்கொள்ளலாம். எல்லா நட்டுகளும் 20 அல்லது 30 பாகை நகர்ந்தால் முகங்களுக்கு இடையே இருக்கக் கூடாதது ஏதோ இருந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது; குறைந்தபட்சம் அதே தூரம் ஓட்டி இன்னொரு முறையாவது சோதிக்க வேண்டும்.

மறுஇறுக்கம் முடிந்ததும் வெள்ளைக் கோட்டை முழுமையாகத் துடைத்துவிட்டு மஞ்சளில் புதுக் கோடு போட வேண்டும். துடைக்காமல் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டால் ஒரு மாதம் கழித்து எது எந்த நாளைய கோடு என்று யாருக்கும் தெரியாது. மஞ்சள் இருந்தால் மறுஇறுக்கம் முடிந்த சக்கரம், வெள்ளை இருந்தால் இன்னும் பாக்கி உள்ள சக்கரம் என்ற ஒழுங்கு, பல ஓட்டுநர்கள் மாறி மாறி எடுக்கும் வண்டியில் எழுதி வைத்த குறிப்பைவிட நன்றாக வேலை செய்யும்.

நாள்தோறும் பார்க்கும் முறை

நட் தட்டிலிருந்து உயர்ந்து நிற்பதால், பக்கவாட்டில் நின்று சாய்வாகப் பார்த்தால் நேரான கோடுகூட முறிந்ததுபோலத் தோன்றும். சக்கரத்துக்கு எதிரே குனிந்து அல்லது அமர்ந்து, நட்டின் முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும். பின் அச்சின் இரட்டைச் சக்கரங்களில் தட்டு உள்ளே குழிந்திருப்பதால் பகலிலும் டார்ச் இல்லாமல் கோடு சரியாகத் தெரியாது. ஒளியை நேராக அடிக்காமல் சற்றுப் பக்கத்திலிருந்து அடித்தால் கோட்டின் விளிம்பு தெளிவாகும்.

விரிசலையும் விலகலையும் பிரித்தறிவது முக்கியம். நட்டும் வாஷரும் சந்திக்கும் இடத்தில் பெயிண்ட் மயிரிழை அளவு வெடித்திருந்து, இரு பக்க விளிம்புகளும் ஒரே நேரில் இருந்தால் அது வெப்பத்தாலோ அதிர்வாலோ வந்த வெடிப்பு; அஞ்ச வேண்டியதில்லை. வெடிப்பின் இரு பக்கமும் விளிம்புகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் அது திரும்பல். திசையையும் பார்க்க வேண்டும்: வழக்கமான வலது மரையில் நட் இடஞ்சுழியாக நகர்ந்தால் தளர்வு, வலஞ்சுழியாக நகர்ந்திருந்தால் யாரோ இறுக்கிவிட்டு மீண்டும் கோடு போடவில்லை என்று பொருள். பழைய வாகனங்கள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும். ஸ்டட்டின் நுனியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டிருப்பது அதன் அடையாளம். அங்கே இந்தத் திசைகள் தலைகீழாகும்.

கோடு நேராக இருந்தும் கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. நட்டின் அடியிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் கீற்றுக் கீற்றாகத் துரு வெளியே வழிந்திருந்தால், அங்கே முகங்கள் உரசிப் பொடி உதிர்கிறது. வாஷரைச் சுற்றித் தட்டின் பெயிண்ட் தேய்ந்து பளபளவென உலோகம் தெரிந்தாலும் அதே பொருள்தான். படிதலால் பிடிப்பு குறைந்தும் நட் இன்னும் திரும்பத் தொடங்காத இடைநிலை இது. கோடு காட்டாததை இந்த அடையாளங்கள் காட்டுவதால், கண் கோட்டின்மீது மட்டும் நிற்காமல் அதைச் சுற்றியுள்ள இரண்டு அங்குல வட்டத்தையும் பார்க்கப் பழக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு லாரியின் பின் அச்சில் இடப்பக்க இரட்டைச் சக்கரத்தில் டயர் மாற்றப்பட்டதாகக் கொள்வோம். கையேடு சொல்லும் முறுக்குவிசை 600 நியூட்டன் மீட்டர். இறுக்கி, வெள்ளைக் கோடு போட்டு, 80 கி.மீ. ஓடியபின் சோதிக்கும்போது ஏழு நட்டுகள் அசையாமல் ‘கிளிக்’ என்கின்றன. அடுத்தடுத்து உள்ள 6, 7, 8 ஆகிய மூன்றும் ஏறத்தாழ 10 முதல் 15 பாகை வரை முன்னேறிய பிறகே நிற்கின்றன. வெள்ளை துடைக்கப்பட்டு மஞ்சள் போடப்படுகிறது. மூன்று நட்டுகள் ஒரே பக்கமாக நகர்ந்ததைக் குறித்துக்கொண்டவர் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் வண்டி புறப்பட்டுவிடும்.

சில நாள் கழித்துக் காலைச் சோதனையில் 7-ஆம் நட்டின் மஞ்சள் கோடு நட்டுக்கும் வாஷருக்கும் இடையே இடஞ்சுழியாக 4 மி.மீ. விலகியிருக்கிறது. நட்டின் மூலை 19 மி.மீ. தொலைவில் இருப்பதால் இது ஏறத்தாழ 12 பாகை, நீளத்தில் 0.05 மி.மீ. பின்வாங்கல். 6-ஆம் நட்டில் கோடு நேராக இருந்தாலும் அதன் அடியில் துருக் கீற்றுத் தெரிகிறது. மற்ற எட்டும் சுத்தம்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாத காரியம், 7-ஆம் நட்டை மட்டும் இறுக்கிப் புதுக் கோடு போட்டுவிட்டுப் போவது. நட் திரும்பியிருக்கிறது என்றால் அந்தப் பக்கத்தில் தட்டு வழுக்கியிருக்கிறது. வழுக்கிய காலத்தில் 6, 7, 8 ஆகிய ஸ்டட்டுகள் தம்மை வளைக்கும் விசையைத் தாங்கித் தாங்கி வலுவிழந்திருக்கலாம், பக்கத்து நட்டுகளும் கூடுதல் சுமையை ஏற்றிருக்கலாம். சக்கரம் கழற்றப்பட வேண்டும். இங்கே கழற்றியபோது உள் சக்கரத்துக்கும் வெளிச் சக்கரத்துக்கும் இடையே, அந்த மூன்று துளைகள் உள்ள பக்கத்தில், பழைய பெயிண்ட்டும் மண்ணும் இறுகிய செதில் ஒன்று நசுங்கிய நிலையில் இருக்கிறது. மறுஇறுக்கத்தில் மூன்று நட்டுகள் சேர்ந்து முன்னேறியதற்கும் பின்னர் ஒன்று தளர்ந்ததற்கும் காரணம் அதுவே: செதில் நசுங்க நசுங்கப் பிடிப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

சுத்தம் செய்தபின் துளைகள் முட்டைவடிவமாக நீண்டிருக்கின்றனவா, துளையைச் சுற்றி வெடிப்பு உள்ளதா, மரைகள் சிதைந்துள்ளனவா, நட்டின் வாஷர் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட துளையோ வெடிப்போ உள்ள சக்கரம் திரும்ப மாட்டத் தகுதியற்றது. ஸ்டட் ஒன்று முறிந்திருந்தால் அதன் இரு பக்கத்து ஸ்டட்டுகளையும் சேர்த்து மாற்றுவதும், இரண்டோ அதற்கு மேலோ முறிந்திருந்தால் அந்த ஹப்பின் எல்லா ஸ்டட்டுகளையும் மாற்றுவதும் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை. அதன்பின் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து: இறுக்கம், வெள்ளைக் கோடு, 50 முதல் 100 கி.மீ., மறுஇறுக்கம், மஞ்சள் கோடு.

வேறு வகைச் சக்கரங்கள்

கார், வேன் போன்றவை பலவற்றில் நட்டின் மேல்புறம் மூடியிருப்பதால் ஸ்டட்டின் நுனி தெரியாது. போல்ட் வகையாக இருந்தால் ஸ்டட்டே இல்லை. அங்கே நட்டின் அல்லது போல்ட்டின் தலையிலிருந்து சக்கரத்துக்குக் கோடு சென்றால் போதும். அலாய் சக்கரத்தில் நட் ஆழமான குழிக்குள் அமர்ந்திருப்பதால் தலையின் மேல் ஒரு கோடும், குழியின் விளிம்பில் அதற்கு நேராக இன்னொரு கோடும் போட்டுக்கொள்ளலாம்; இரண்டுக்கும் இடையே இடைவெளி இருப்பதால் இது அவ்வளவு நுட்பமாக இராது.

கூம்பு அல்லது உருண்டை இருக்கை கொண்ட பழைய இரட்டைச் சக்கரங்களில் உள் சக்கரத்துக்குத் தனியாக ஓர் உள் நட் உண்டு. வெளி நட் அதன்மேல் ஏறி அமர்கிறது. வெளி நட்டின் மீது உள்ள கோடு உள் நட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. அங்கே மறுஇறுக்கத்தின்போது வெளி நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தளர்த்தி, உள் நட்டைச் சோதித்து, வெளி நட்டை மீண்டும் இறுக்கிய பின்பே கோடு போட வேண்டும்.

நட்டின் மீது மாட்டும் முக்கோணப் பிளாஸ்டிக் சுட்டிகளும் இதே வேலையைச் செய்கின்றன. தொலைவிலிருந்தே தெரியும் என்பதும், ஹப் மிகவும் சூடானால் உருகிக் காட்டும் என்பதும் அவற்றின் சிறப்புகள். ஆனால் அவை நட்டையும் வாஷரையும் சுற்றியுள்ள பகுதியை ஓரளவு மறைப்பதால் துருக் கீற்று கண்ணில் படாமல் போகலாம். அவை சரியாகப் பொருந்தாவிட்டால் நட் நகராமலேயே சுட்டி நகரும். சுட்டியை மாட்டினாலும் அதன் அடியில் கோட்டையும் போட்டு வைத்தால், சுட்டி விலகித் தெரியும் நாளில் அதைக் கழற்றிப் பார்த்து, நகர்ந்தது நட்டா சுட்டியா என்று அங்கேயே தீர்மானித்துவிடலாம்.

எந்த வகையானாலும், பஞ்சர் பார்க்கவோ பிரேக் வேலைக்கோ சக்கரம் ஒருமுறை கழற்றப்பட்டால் நட்டிலும் தட்டிலும் உள்ள பழைய கோடுகள் அனைத்தையும் மாட்டுவதற்கு முன்பே கிளீனரால் அழித்துவிட வேண்டும். அழிக்காமல் மாட்டினால் பழைய கோட்டின் துண்டுகள் தாறுமாறாக நின்று, அடுத்த நாள் பார்ப்பவர் பத்து நட்டுகளும் தளர்ந்துவிட்டதாக எண்ணுவார். அல்லது அதைவிட மோசமாக, தற்செயலாக நேர்கோட்டில் அமைந்துவிட்ட பழைய துண்டுகளைப் பார்த்து எல்லாம் சரி என்று வண்டியை எடுத்துவிடுவார்.